பதிவில் உள்ள தாய்

என்னைத் தவிட்டுக்கு வாங்கினார்கள். கோபத்தில் அம்மாமார் பிள்ளைகளிடம் சொல்வார்களே, அந்த மாதிரி இல்லை. உண்மையாகவே ஒரு சுளகு நிறையத் தவிட்டை அளந்து கொடுத்துத்தான் என்னை வாங்கியிருக்கிறார்கள். வாங்கியது என்னைப் பெற்ற மூக்காயி. விற்றது பக்கத்துக் காம்பரா வீரம்மா. நடந்தது கண்டி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று அறை அறையாகக் கட்டிய வரிசை வீட்டில்.

எனக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. ஒன்று பிறந்த அன்றைக்கே போனது, ஒன்று தவழும்போது போனது. அதற்கடுத்த பிள்ளையை, வேறு வீட்டுப் பிள்ளை என்று எமன் விட்டுவிடட்டும் என்று, வழக்கப்படி பக்கத்து வீட்டில் கொடுத்துத் தவிட்டுக்குத் திருப்பி வாங்கியும் பார்த்தார்கள். அதுவும் காய்ச்சலில் போய்விட்டது. அப்போதுதான் என் அப்பா பொன்னையாவுக்கு ஒரு யோசனை வந்தது. எமன் சும்மா வருவதில்லை, கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் வருவான், வாயால் மட்டும் கொடுத்தால் அவன் நம்பமாட்டான் என்று முடிவு கட்டினார். நான் பிறந்ததும் தோட்டத்து டிஸ்பென்சரியில் போய், பிள்ளை வீரம்மாவுக்கும் அவள் புருஷன் செல்லச்சாமிக்கும் பிறந்தது என்று எழுதவைத்துவிட்டார். டிஸ்பென்சர் ஐயா சொன்னதை எழுதி அனுப்பினார். அதுவே பதிவாகி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரமாக வந்துவிட்டது. எமனை ஏமாற்றப் போய் அரசாங்கத்தையும் சேர்த்து ஏமாற்றிவிட்டார் மனிதர்.

அது பலித்தது என்றுதான் சொல்லவேண்டும். நான் செத்துப்போகவில்லை. நன்றாகத் தின்று, நன்றாகச் சண்டை போட்டு வளர்ந்தேன். மூக்காயியை அம்மா என்று கூப்பிட்டால் வாயிலேயே ஒன்று விழும். அவளை அக்கா என்றுதான் கூப்பிடவேண்டும். வீரம்மாதான் அம்மா. அப்பாவை மட்டும் அப்பா என்று கூப்பிட விட்டார்கள். அது ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எமன் பொம்பளைகளிடம்தான் கணக்குக் கேட்பான் என்று நினைத்தார்களோ என்னவோ.

பள்ளிக்கூடம், அடையாள அட்டை, கல்யாணப் பதிவு என்று எல்லாவற்றிலும் நான் செல்லச்சாமி பாப்பம்மா. கல்யாணத்தின்போது என் வீட்டுக்காரர் நடராஜா, "உங்கப்பா பேரு பொன்னையாதானே?" என்று கேட்டார். "அது பெரிய கதை, பிறகு சொல்றேன்" என்றேன். அப்பாவிடம் இதைத் திருத்துவோம் என்று ஓரிரு முறை சொன்னேன். "எழுதினது எழுதினபடி கெடக்கட்டும். உசுரோட இருக்கேல்ல, அது போதும்" என்றார். அதற்குமேல் அவரிடம் பேசமுடியாது.

அப்பா பிறகு தோட்டத்தை விட்டு, கண்டி மாநகர சபையில் தண்ணீர்க் குழாய் வேலைக்குப் போனார். பூரணவத்தையில் ஒரு துண்டுக் காணி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கல் சுமந்து வீடு கட்டினார். அந்த வீட்டில்தான் நானும் நடராஜாவும் இருக்கிறோம். முன்னறையில் என் தையல் மெஷின். ரவிக்கை தைப்பதில் கண்டியில் என்னைத் தெரியாத டீச்சர்மார் குறைவு. மூக்காயி அக்கா அந்த வீட்டில்தான் செத்தாள். பல வருஷம் கழித்து அப்பாவும் அங்கேயே போனார். கடைசி இரண்டு வருஷம் அவருக்குச் சோறு ஊட்டியது நான், துடைத்துவிட்டது நான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சட்டத்துக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அப்பா பெயரில் வங்கியில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. தனக்குப் பிறகு பணம் இன்னாருக்கு என்று பின்னுரித்தாளராக யாரையும் அவர் எழுதிவைக்கவில்லை. வீட்டு உறுதிப் பத்திரமும் அவர் பெயரில்தான். வங்கியில் இருந்த பிள்ளை நல்ல மாதிரி, உட்காரச் சொல்லி விளக்கினாள். நீதிமன்றத்தில் வாரிசுச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றாள். வீட்டின் பெறுமதியையும் சேர்த்துப் பார்த்தால், கோர்ட்டுக்குப் போகாமல் முடிகிற எல்லையை அது தாண்டிவிட்டதாம். அப்படித்தான் மயில்வாகனம் ஐயாவிடம் போய்ச் சேர்ந்தோம்.

மயில்வாகனம் ஐயா யாழ்ப்பாணத்து ஆள். கண்டியில் நெடுங்காலமாகச் சட்டத்தரணி. அவருடைய மேல்மாடி அறையில் மூன்று கதிரைகள், ஒரு அலுமாரி, அலுமாரி நிறையக் கட்டுக்கட்டாகப் பிறத்தியாருடைய சண்டைகள். நான் ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் கொண்டுபோய் மேசையில் கொட்டினேன்.

"ஒண்டொண்டாத் தாங்கோ" என்றார். "அப்பாவின்ர மரண அத்தாட்சி. ஓம். அம்மாவின்ர மரண அத்தாட்சி. அவையின்ர கலியாணப் பதிவு. காணி உறுதி. இதோட காணிப் பதிவகத்தில எடுத்த பிரதியும் வேணும், வேற ஈடு வில்லங்கம் இல்லையெண்டு காட்ட. மதிப்பீட்டாளரின்ர அறிக்கை. வங்கியில, அப்பா செத்த திகதியில கணக்கில எவ்வளவு கிடந்ததெண்டு ஒரு கடிதம். கடன் கிடன் இருந்தா அதுவும்."

"அவ்வளவுதானாங்க?"

"இவ்வளவும் மனுவுக்குள்ள வரோணும் அம்மா. உயில் இல்லை எண்டது, அவர் எப்ப, எங்க செத்தவர், வாரிசு ஆர் ஆர், என்ன சொத்து, அது எங்க கிடக்கு, கடன் ஆருக்குக் குடுக்கோணும், நீங்கள் என்ன முறையில வந்து கேக்கிறியள், ஆருக்கு எவ்வளவு பங்கு. இதில ஒண்டு பிழைச்சாலும் மற்றதெல்லாம் ஆடும். உங்கட பிறப்புச் சான்றிதழைத் தாங்கோ."

கொடுத்தேன். அவர் அதைப் படித்தார். மரண அத்தாட்சியை எடுத்துப் பார்த்தார். திரும்பவும் என்னுடையதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பொன்னையா உங்களுக்கு என்ன முறை?"

"அப்பாங்க."

"இதில செல்லச்சாமி எண்டெல்லோ கிடக்கு?"

தவிட்டுக் கதையைச் சொன்னேன். அவர் நடுவில் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. அதற்காகவே அந்த மனுஷனை எனக்குப் பிடித்துவிட்டது. கதை முடிந்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அப்பா ஒரு உயில் எழுதி வைச்சிருந்தா இவ்வளவும் இல்லை. மகள் எண்டு நிரூபிக்கத் தேவையே வராது" என்றார்.

"உயில் எழுதினா சீக்கிரம் செத்துப்போவாங்கன்னு பயம்ங்க அவருக்கு."

"எமனுக்கு இவ்வளவு பயந்த மனுசன் இருக்கமாட்டார்" என்றார் அவர்.

பிறகு நிலைமையை விளக்கினார். பிறப்புப் பதிவில் இருப்பதை நீதிமன்றம் முதலில் அப்படியே நம்பும். அது தவறு என்று வேறு சாட்சி கொடுத்து நிரூபிக்க வழி உண்டு, ஆனால் நிரூபிக்கிற பாரம் என் தலையில். நிரூபிக்க முடியாவிட்டால் பொன்னையா பிள்ளையில்லாமல் செத்த மனிதர். மனைவியும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. அப்படியானால் சொத்து உடன்பிறப்புக்குப் போகும். அப்பாவுக்கு ஒரே தம்பி. அவரும் போய்விட்டார். அவருடைய ஒரே மகன் இருளப்பன், புசல்லாவையில் லொறி வைத்து மரக்கறி ஏற்றுகிறான். எல்லாம் அவனுக்கு.

"அவன் என் தம்பிங்க. சின்னதுல நான் இடுப்புல தூக்கி வளத்தவன். ஒரு கையெழுத்துப் போடச் சொன்னா போட்டுட்டுப் போவான்" என்றேன்.

"அப்பிடியெண்டா நல்லது. மனுவில அவரை எதிர்மனுதாரரா போடுறன். சம்மதமெண்டு ஒரு சத்தியக் கடதாசி தந்தாரெண்டா வேலை சுகம்."

நடந்ததை நடந்தபடி மனுவில் எழுதினார். பேப்பரில் அறிவித்தல் வந்தது. யாருக்காவது ஆட்சேபனை இருந்தால் இன்ன திகதிக்குள் சொல்லவேண்டும் என்று. இருளப்பன் சம்மதக் கடதாசி அனுப்பவில்லை. ஆட்சேபனை அனுப்பினான்.

நான் புசல்லாவைக்கே போனேன். பஸ்ஸை விட்டிறங்கி அவன் லொறியைத் தேடிப் பிடித்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் லீக்ஸ் மூட்டையை இழுத்துக்கட்டிக்கொண்டே பேசினான்.

"அக்கா, நான் பொய் ஒண்ணும் சொல்லலையே. பத்திரத்துல என்ன இருக்கோ அதைத்தானே சொல்றேன்."

"உனக்குத் தெரியாதாடா நான் யாரு மகள்னு?"

"எனக்குத் தெரிஞ்சா போதுமா. கோர்ட்டுக்குல்ல தெரியணும். ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க இருக்குது எனக்கு. லொறிக்கு லீசிங் கட்டணும். உனக்குச் செல்லச்சாமி பெரியப்பா சொத்துல பங்கு வரும்ல, அதைக் கேளு."

செல்லச்சாமி அப்பா செத்துப் பல காலம். அவர் விட்டுப்போனது ஒரு கம்பளியும் ஒரு ரேடியோவும். அந்த ரேடியோவில் எனக்கு எவ்வளவு பங்கு வரும் என்று கேட்டேன். அவன் லொறியை ஸ்டார்ட் பண்ணினான். திரும்பி வரும் வழியெல்லாம் அவனுக்குச் சாபம் கொடுத்துக்கொண்டே வந்தேன். அவன் பிள்ளைகள் முகம் நினைவுக்கு வந்ததும் பாதிச் சாபத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

மயில்வாகனம் ஐயா எங்களிடம் இருந்த சாட்சிகளை வரிசைப்படுத்தினார். பள்ளிக்கூடத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் பொன்னையா கையெழுத்து இருந்தது. தோட்டத்துக் கடை வைத்திருந்த முஹைதீன் நானா சத்தியக் கடதாசி கொடுத்தார். "அந்தத் தவிடே என்ட கடையிலதான் வாங்கின. காசு கூட நான் எடுக்கல்ல. புள்ள நல்லா இரிக்கட்டுமேண்டு சும்மா குடுத்த" என்று கோர்ட்டிலும் சொல்வதாகச் சொன்னார். இதெல்லாம் நல்லதுதான், ஆனால் போதாது என்றார் ஐயா.

"பதிவில தாய் எண்டு கிடக்கிற ஆள் உயிரோட இருக்கிறா. அவவைக் கூப்பிடாமல் நாங்கள் வேற எல்லாரையும் கூப்பிட்டா, மற்றப் பக்கம் முதல்ல கேக்கிற கேள்வி அதுதான். வீரம்மா வந்து, இது நான் பெத்த பிள்ளை இல்லையெண்டு சொல்லோணும். அவ சொன்னா வீடு உங்கட. சொல்லாட்டி எனக்கு நம்பிக்கையில்லை."

"அவங்க மேல ஏதும் வழக்குக் கிழக்கு வருமாங்க, பொய்ப் பதிவுன்னு?"

"தகவல் குடுத்த ஆள் எண்டு டிஸ்பென்சரின்ர பேர்தான் கிடக்கு. அவரும் செத்திட்டார். வீரம்மா பயப்பிடத் தேவையில்லை."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. வீரம்மா சொல்லமாட்டாள் என்று நான் கனவில்கூட நினைக்கவில்லை. எனக்கு ஒன்று என்றால் மலையிலிருந்து உருண்டாவது வந்து சேர்கிறவள் அவள். மகன் ராஜலிங்கம் கொழும்புக்கு வா என்று கூப்பிட்டும் போகாமல் ஹந்தானையிலேயே தனியாக இருக்கிறாள். ஏன் போகவில்லை என்று கேட்டால், "கண்டியில என் மக இருக்கா" என்பாள். கேட்கிறவர்கள் யாராக இருந்தாலும் அதுதான் பதில். பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். வீரம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாடி. என்னா இப்புடி எளைச்சுப் போயிட்டே? அந்த மெஷினை மிதிச்சு மிதிச்சே செத்துப்போ. உள்ள ரொட்டி இருக்கு, எடுத்துத் தின்னு."

ரொட்டியைத் தின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். கோர்ட்டுக்கு வரவேண்டும், உண்மையைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் என்று சாதாரணமாகத்தான் சொன்னேன். அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னான்னு சொல்லணும்?"

"நான் உன் மக இல்லைன்னு."

"மாட்டேன்."

"அம்மா, வெளங்காம பேசாதே. வீடு போயிரும்."

"போகட்டும். இங்க வந்து இரு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அப்பா கல் சுமந்து கட்டிய வீடு, நான் சாந்து பூசி வெள்ளையடித்த வீடு, இவளுக்கு அது போகட்டுமாம். கத்தினேன். பக்கத்துக் காம்பராவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். வீரம்மா எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ பொறந்த அன்னிக்கு ஒங்கக்கா ஒன்னைத் தூக்கிட்டு வந்து என் மடியில போட்டா. ஒன் மொகத்தைக்கூட அவ பாக்கல. இது ஒன் புள்ள, எனக்கும் இதுக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம போனா. நான் முனியாண்டி முன்னுக்கு நின்னு, இது எம்புள்ள, எங்கிட்ட வாங்காம யாரும் தொடக்கூடாதுன்னு சொன்னேன். சொன்னதுனாலதான்டி நீ இருக்கே. இப்ப அதே வாயால இல்லேன்னு சொல்லவா? சொல்லி ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்த வீட்டை வச்சு நான் என்னா பண்றது?"

"எனக்கு வயசு அம்பது ஆகப்போகுது. இனி எமன் வந்தா கெழவியைத்தான் தூக்கிட்டுப் போவான், புள்ளையை இல்ல."

"அவனுக்கு வயசு தெரியுமா என்னா" என்றாள். அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்கும் அழுகை வந்தது. வீட்டை நினைத்தா, அவளை நினைத்தா என்று தெரியவில்லை. நடராஜாவிடம் சொன்னபோது, "நம்ம ரெண்டு பேரு தானே, வாடகைக்கு ஒரு ரூம் பாத்துக்கலாம்" என்றார். இப்படிப்பட்ட ஆம்பளையை வைத்துக்கொண்டு யாரிடம் சண்டை போடுவது.

விசாரணைக்குச் சில வாரம் இருக்கும்போது இருளப்பன் பூரணவத்தைக்கு வந்தான். தனியாக வரவில்லை. கூட ஒரு புரோக்கரும் வீடு பார்க்க வந்த ஒரு சிங்கள மாத்தயாவும். தீர்ப்பு வரமுன்னமே ஆள் கூட்டிக்கொண்டு வருகிறாயே, உனக்கு வெட்கமில்லையா என்று வாசலில் நின்று கேட்டேன். "சும்மா பாத்துட்டுப் போறாங்கக்கா" என்றான். அந்த மாத்தயா மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். சமையலறையைப் பார்த்து, இந்தச் சுவரை இடித்தால் விசாலமாக இருக்கும் என்று சிங்களத்தில் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து வீரம்மா வந்து சேர்ந்தாள். கையில் முருங்கைக்காய்க் கட்டு. என்னோடு சண்டை போட்டால் மறுவாரம் ஏதாவது கட்டிக்கொண்டு வருவது அவள் வழக்கம். சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுவரோரத்தில்தான் மூக்காயி அக்கா கடைசியாகப் படுத்துக்கிடந்தாள். வீரம்மாதான் அவள் வாயில் பால் ஊற்றினாள்.

இருளப்பன் அவளைக் கண்டதும், "வாங்க பெரியம்மா, சொகமா?" என்றான்.

வீரம்மா அவர்கள் போகும்வரை நின்றாள். போனபிறகு முருங்கைக்காயை மேசையில் வைத்தாள்.

"எப்ப வரணும் கோர்ட்டுக்கு?" என்றாள்.

மயில்வாகனம் ஐயா அவளுடைய சத்தியக் கடதாசியைத் தயார் பண்ணினார். சமாதான நீதவான் ஒருவர் அதை வரிவரியாகத் தமிழில் வாசித்து, விளங்குகிறதா என்று கேட்டுக் கேட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். வீரம்மா தன் பெயரை எழுதக் கற்றவள். மெதுவாக எழுதினாள். அன்று என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை.

விசாரணை நாளில் அவள் நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். முஹைதீன் நானா முதலில் ஏறித் தவிட்டைப் பற்றிச் சொன்னார். நீதிபதி அம்மா கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்து வீரம்மா. உண்மையே சொல்வேன் என்று உறுதி எடுக்கச் சொன்னார்கள். மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள். கை கும்பிட்டபடி இருந்தது, அதை அவள் இறக்கவேயில்லை.

மயில்வாகனம் ஐயா கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னாள். யார் பெற்றது, எந்தக் காம்பராவில், மருத்துவச்சி யார், டிஸ்பென்சரிக்குப் போனது யார் என்று எல்லாம் சொன்னாள். பிறகு இருளப்பனின் சட்டத்தரணி எழுந்தார்.

"இந்தப் பெண் உங்களை என்னவென்று கூப்பிடுவார்?"

"அம்மான்னு."

"பெற்றதாக நீங்கள் சொல்லும் மூக்காயியை?"

"அக்கான்னு."

"இவருடைய கல்யாணத்தில் தாய் இடத்தில் நின்றது யார்?"

"நான்தான்."

"இவர் என் மகள் என்று நீங்கள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அது உண்மையா, பொய்யா?"

வீரம்மா என் பக்கம் பார்த்தாள். மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் திரும்பச் சொன்னார். மயில்வாகனம் ஐயா எழுந்திருக்கவா வேண்டாமா என்பதுபோல் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். உண்மை என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். மனசறிந்து சொல்கிறேன், அந்த நேரம் அவள் அப்படிச் சொன்னால் நன்றாயிருக்கும் என்றும் ஒரு பக்கம் நினைத்தேன்.

"பொய்ங்க" என்றாள் வீரம்மா. "அவ மூக்காயி மக. பொன்னையா மக. நான் பெக்கல. எனக்கு அவ யாருமில்ல."

கடைசி வார்த்தையைச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் அதையும் சேர்த்துச் சிங்களத்தில் சொல்லி முடித்தார். நீதிபதி அம்மா எழுதுவதை நிறுத்தி ஒரு தடவை வீரம்மாவைப் பார்த்தார், பிறகு அதையும் எழுதினார். இருளப்பன் வெளியே போய்விட்டான்.

இரண்டு மாதம் கழித்துக் கட்டளை வந்தது. பதிவு எப்படியிருந்தாலும், கொடுக்கப்பட்ட சாட்சியங்களின்படி மனுதாரர் இறந்தவரின் மகள், ஒரே வாரிசு. சான்றிதழ் கையில் கிடைத்தது. வங்கியில் கொடுத்தேன், அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே வாங்கினாள். வீட்டை என் பெயரில் பதிவதற்கு மயில்வாகனம் ஐயா தாள்களை எழுதினார். அன்று இரவு நடராஜா பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் பிளேன்டீ கொடுத்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீரம்மாவுக்கு ஒரு சேலையும், அவளுக்குப் பிடித்த தொதல் இனிப்பும் வாங்கிக்கொண்டு ஹந்தானைக்குப் போனேன். கோர்ட்டுக்குப் பிறகு அவள் கண்டிப் பக்கம் வரவேயில்லை. முழங்கால் வலி என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

வாசலில் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"வாங்க" என்றாள். "உள்ள வந்து உக்காருங்க."

நான் சிரித்தேன். ஏதோ கோபத்தில் கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய், வீட்டுக்கு வருகிற கங்காணிமாருக்கும் டீச்சருக்கும் போடுகிற கதிரையைத் துடைத்துப் போட்டாள். நான் அந்த வீட்டில் அதுவரை கதிரையில் உட்கார்ந்ததே இல்லை. தேத்தண்ணியைக் கோப்பையில் ஊற்றித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள்.

"வீட்டுக்காரர் சொகமா இருக்காராங்க? வீட்டு வேலையெல்லாம் முடிஞ்சுதா?"

"என்னம்மா இது? ஏன் இப்புடிப் பேசுறே?"

அவள் பதறிப்போய் வெளியே எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்தவில்லை, சாத்தினால் அதற்கும் யாராவது கதை கட்டுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மான்னு சொல்லாதீங்க. சத்தியம் பண்ணிச் சொல்லிட்டு வந்துட்டேன்ல. எழுதியும் வச்சுட்டாங்க. இனி நான் இங்க ஒங்களைப் புள்ளன்னு கூப்புட்டு, இருளப்பன் ஆளுங்க யாராச்சும் கேட்டு, கெழவி அங்க சொன்னது பொய்யின்னு போயிச் சொன்னா, வீட்டைத் திருப்பிப் புடுங்கிருவாங்க."

"அப்புடியெல்லாம் புடுங்கமுடியாது. முடிஞ்சுபோச்சு. கேஸ் முடிஞ்சுபோச்சும்மா."

"ஒங்களுக்கு அப்புடித் தெரியும். எனக்குத் தெரியாது."

சட்டத்தை எடுத்துச் சொன்னேன். மயில்வாகனம் ஐயாவை நேரில் கூட்டிவந்து சொல்லவைக்கிறேன் என்றேன். கெஞ்சினேன். கடைசியில் கோபம் வந்து, அந்த வீடு எனக்கு வேண்டாம், இருளப்பனுக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், என்னை ஒரு தடவை வாடி என்று கூப்பிடு என்று கத்தினேன். அவள் நான் குடிக்காமல் வைத்த தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைப் பையைத் தொடவில்லை. தொதலை மட்டும் எடுத்து, வந்தவர்களுக்குக் கொடுப்பதுபோல் தட்டில் வெட்டி என் முன்னால் வைத்தாள். நான் அழுதேன். வெட்கமே இல்லாமல் அந்தக் கதிரையில் உட்கார்ந்து அழுதேன். முந்தி என்றால் முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, மூக்கையும் சிந்திவிட்டிருப்பாள். அன்று இரண்டு கையையும் மடியில் கோர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கீழே பஸ் ஹார்ன் அடித்தது.

"நேரமாகுதுங்க" என்றாள் வீரம்மா. "அடுத்த பஸ்ஸு சாயந்திரந்தான். பாத்துப் போங்க."